‘ப்ளு பொன்’ என்றால் சோஸ் கொட்டப்படும்

“அண்ணா, பாரிஸில் ஒரு ரெஸ்டோரண்ட் குசினியில் வேலை செய்கிறேன். நேற்று சோஸை ருசி பார்க்கச் சொன்னார்கள். முந்தினதைவிட நல்லாயிருக்கு என்று சொல்ல நினைத்து ‘செ ப்ளு பொன்’ என்றேன். ஷெஃப் சட்டியைத் தூக்கிக்கொண்டு கொட்டப் போய்விட்டார். பிறகு ‘மெய்யர்’ என்று சொல்லித் தந்தார். ஆனால் ‘மியூ’ என்றும் ஒன்று இருக்கிறதாமே, எதை எங்கே சொல்வது?”

தம்பி, ஷெஃப் கொட்டப் போனதில் அதிசயமில்லை. அவர் காதில் விழுந்தது முழு அர்த்தமுள்ள வேறொரு வசனம். ‘இனி இல்லை’ என்று சொல்ல பிரெஞ்சில் ‘நெ’, ‘ப்ளு’ என்று இரண்டு துண்டு வேண்டும். ஆனால் பேச்சில் ‘நெ’யை விழுங்கிவிடுவார்கள். எழுத்தில் ‘ஸ நெ ப்ளு பொன்’ என்று வருவது குசினியில் ‘செ ப்ளு பொன்’ ஆகிவிடும். ‘இது பழுதாகிவிட்டது, இனி உதவாது’ என்று பொருள். பால் திரிந்தாலும் மீன் மணத்தாலும் அவர்கள் சொல்வது இதைத்தான்.

கூடுதல் என்று ஒப்பிட்டுச் சொல்லவும் இதே ‘ப்ளு’தான், மற்றப் பெயரடைகளுக்கு அதைப் போட்டால் போதும். பெரியதற்கு ‘ப்ளு க்ரான்’, விலை கூடியதற்கு ‘ப்ளு ஷேர்’. நல்லது என்ற ‘பொன்’ மட்டும் அதை ஏற்காது, அதற்குப் பதிலாக ‘மெய்யர்’ வந்துவிடும். குறைத்துச் சொல்லவும் சமமாகச் சொல்லவும் இந்தத் தொல்லை இல்லை: ‘முவான் பொன்’, ‘ஓசி பொன்’ இரண்டும் சரி. ‘ப்ளு மெய்யர்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், கூடுதல் என்ற பொருள் மெய்யருக்குள்ளேயே இருக்கிறது. இன்னும் அழுத்த வேண்டுமென்றால் ‘பியான் மெய்யர்’.

இனி மியூ. ‘நன்றாக’ என்று பொருள்படும் ‘பியான்’ என்பதன் உயர்வு வடிவம் அது. ஒப்பீட்டை எடுத்துவிட்டு வசனத்தைச் சொல்லிப் பாருங்கள். அந்த இடத்தில் ‘பொன்’ வந்தால் மெய்யர், ‘பியான்’ வந்தால் மியூ. சோஸ் நல்ல சோஸ், அது ‘பொன்’, ஆகவே மெய்யர். உங்களோடு நிற்பவர் வெங்காயம் நன்றாக வெட்டுகிறார், அது ‘பியான்’, ஆகவே என்னைவிட நன்றாக வெட்டுகிறார் என்பது ‘இல் கூப் மியூ க முவா’. காய்ச்சல் விட்டபிறகு ‘ஜ வே மியூ’ என்பதும் இதே கணக்குத்தான், ஏனென்றால் சுகமாயிருக்கிறேன் என்பது ‘ஜ வே பியான்’.

‘இது’ என்று தொடங்கும் ‘செ’க்குப் பிறகு இரண்டும் வரலாம் என்பதுதான் பலரைக் குழப்புகிறது. கரண்டியை வாயில் வைத்துவிட்டு ‘செ மெய்யர்’ என்றால் ருசி கூடிவிட்டது. தட்டில் இறைச்சியைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்திவிட்டு ஷெஃப் உங்களைப் பார்த்தால், ‘செ மியூ’. அங்கே ருசி பேச்சில்லை, வைத்த விதம்தான் பேச்சு.

ஆகச் சிறந்தது என்று சொல்ல முன்னால் ‘லு’ அல்லது ‘லா’ வேண்டும். நம்மவர்களுக்கு இதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 2023இல் பாரிஸ் நகரசபையின் பாகெத் பாண் போட்டியில் முதலிடம் பெற்றவர் இலங்கையில் பிறந்த தர்ஷன் செல்வராஜா. 20ஆம் வட்டாரத்தில் பாண் போடுகிறவர். பரிசு 4000 யூரோ, கூடவே ஒரு வருடத்துக்கு ஜனாதிபதி மாளிகையான எலிசேக்கு பாண் கொடுக்கும் உரிமை. வெல்கிற கடைகளின் கண்ணாடியில் ‘லா மெய்யர் பாகெத் து பாரி’ என்று எழுதி வைப்பார்கள். பாகெத் பெண்பால், அதனால் ‘லா’. எழுதும்போது மெய்யரின் கடைசியில் ஒரு ‘ஈ’யும் சேரும், பன்மையானால் ஒரு ‘எஸ்’ஸும். காதுக்கு நான்கு வடிவமும் ஒன்றுதான், பரீட்சையில் எழுதும்போது மட்டும் கவனம். ‘பாரிஸில் ஆகச் சிறந்தது’ என்று சொல்லும்போது ‘பாரிஸில்’ என்பதை அப்படியே ‘தான் பாரி’ என்று மாற்றுவதுதான் நம்மவர்கள் அதிகம் விடும் பிழை. அங்கே ‘து’தான்.

மியூ இப்படி மாறுவதில்லை. வெட்டுவது பெண்ணாக இருந்தாலும் ‘எல் கூப் லு மியூ’தான், ‘லா’ வராது.

கூடாததற்கு இவ்வளவு கரைச்சல் இல்லை. ‘மொவே’க்கு ‘ப்ளு மொவே’யும் சொல்லலாம், ‘பிர்’ரும் சொல்லலாம். ருசி, தரம் என்றால் முதலாவது, நிலைமை மோசமாகிறது என்றால் இரண்டாவது கூடுதலாகப் புழங்கும். ‘ப்ளு பிர்’ என்பது ‘ப்ளு மெய்யர்’ மாதிரியே பிழை.