நான்கு பேர் எழுதினாலும் ஒரே கடை பேசுவதுபோல

கேள்வி: எங்கள் கடைக்கு முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் பண்டிகைப் பதிவுகளை நான்கு ஊழியர்கள் மாறி மாறி எழுதுகிறார்கள். படித்தால் நான்கு கடைகள் பேசுவதுபோல இருக்கிறது. ஒரே குரலில் கொண்டுவருவது எப்படி?

"கனிவாக எழுதுங்கள், நட்பாக எழுதுங்கள்" என்று ஊழியர்களிடம் சொல்வதை முதலில் நிறுத்துங்கள். அந்தச் சொற்களை நான்கு பேரும் ஒப்புக்கொள்வார்கள், ஆனால் ஆளுக்கொரு விதமாகத்தான் எழுதுவார்கள். பேசுவது யார், யாரிடம், எந்த நடையில் என்ற மூன்றையும் முடிவு செய்து தாளில் எழுதிக் கொடுத்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

மதுரை, நெல்லை, கோவை என்று மூன்று ஊர்களில் கிளை உள்ள ஓர் இனிப்புக் கடையின் பதிவுகளை நான் பார்த்துக்கொள்கிறேன். எழுதுபவர்கள் கிளைகளில் இருக்கும் ஊழியர்கள். ஒரே தீபாவளிக்கு எங்களுக்கு வரும் முதல் வரைவுகள் இப்படித்தான் இருக்கும்:

"ஒளி வெள்ளம் பாயும் இத்திருநாளில் தங்கள் இல்லமெங்கும் இன்பம் பொங்கிட வாழ்த்தி மகிழ்கிறோம்."

"மக்களே, தீவாளி பர்ச்சேஸ் முடிச்சாச்சா? நம்ம கடைக்கு ஒரு விசிட் அடிங்க!"

"இந்தத் தீபாவளிக்கு உங்கள் அன்பானவர்களுக்கு இனிமையைப் பரிசளியுங்கள்."

முதலாவது, திருமண மண்டப பேனரிலிருந்து வந்த நடை. இரண்டாவது, பண்பலை வானொலியிலிருந்து வந்தது. மூன்றாவதை எழுதியவர் ஆங்கில விளம்பரத்தை மனத்தில் வைத்துத் தமிழில் எழுதியிருக்கிறார். மூன்று பேரும் நன்றாகவே எழுதக்கூடியவர்கள். 'பண்டிகைப் பதிவு' என்றதும் அவரவர் காதில் ஏற்கெனவே ஒலிக்கிற குரல் வெளியே வருகிறது, அவ்வளவுதான். பண்டிகைக் காலத்தில் இது மற்ற நாட்களைவிட அதிகமாகத் தெரிவதற்கு ஒரு காரணம் உண்டு. வாழ்த்து எழுத எல்லோரிடமும் தயார் வரிகள் இருக்கின்றன. விலைப் பட்டியல் எழுத அப்படி எதுவும் இல்லை.

நாங்கள் எடுத்த முடிவுகளைச் சொல்கிறேன். உங்கள் கடைக்கு வேறு முடிவுகள் பொருந்தலாம். ஆனால் இந்தக் கேள்விகளுக்கு விடை இல்லாமல் தொடங்க வேண்டாம்.

பேசுவது யார்? எங்கள் பதிவுகளில் பேசுவது கல்லாவில் பல வருடமாக இருக்கிற ஒருவர். சரக்கு எப்போது வரும், எது தீர்ந்துவிட்டது, எது எத்தனை நாள் தாங்கும் என்பது அவருக்குத் தெரியும். அவர் கவிதை சொல்ல மாட்டார். வாடிக்கையாளரை "மக்களே" என்றோ "செல்லங்களே" என்றோ கூப்பிடவும் மாட்டார். கடையைக் குறிக்க 'நாங்கள்', படிப்பவரைக் குறிக்க 'நீங்கள்'. 'தாங்கள்' கிடையாது, 'நீ' கிடையாது. இப்படி ஓர் ஆளை மனத்தில் நிறுத்தினால், பட்டியலில் இல்லாத சந்தேகம் வரும்போதும் எழுதுபவரே "இதை அவர் சொல்வாரா?" என்று கேட்டுக்கொள்ள முடியும்.

எந்த நடை? இதில்தான் எங்களுக்குள் நீண்ட விவாதம் நடந்தது. பேச்சு நடையில் எழுதினால் நெருக்கமாக இருக்கும் என்று இளையவர்கள் சொன்னார்கள். ஒருவர் மட்டும் எழுதும் பக்கத்துக்கு அது சரி. பலர் எழுதும் இடத்தில் பேச்சு நடை நிற்காது. மதுரைக்காரர் பேசுவதும் கோவைக்காரர் பேசுவதும் வேறு. எழுத்தில் கொண்டுவரும்போது ஒருவர் 'வந்துட்டு இருக்கு' என்பார், இன்னொருவர் 'வந்துகிட்டிருக்கு' என்பார், மூன்றாமவர் 'வந்துட்ருக்கு' என்பார். எது சரி என்று சொல்ல பொதுவான அளவுகோல் கிடையாது. அதனால் பதிவின் எழுத்து எளிய எழுத்து நடையில், சிறு வாக்கியங்களில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். ரீல்ஸில் ஆள் பேசும்போது அவர் ஊர்ப் பேச்சிலேயே பேசலாம். அங்கே முகம் தெரிகிறது, அதனால் பேச்சு அவருடையதாக இருப்பதுதான் அழகு.

இவற்றோடு சில சிறு முடிவுகள்: பண்டிகைப் பெயர்களை எப்படி எழுதுவது, 'வாழ்த்துகள்' எப்படி எழுதுவது, 'ஆஃபரா' 'தள்ளுபடியா', ஆச்சரியக்குறி வேண்டுமா. எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கிறது. அது இரண்டாம் பக்கத்துக்குப் போனால் யாரும் திறந்து பார்ப்பதில்லை.

ஆனால் விதிகளைவிட எங்களுக்கு அதிகம் உதவியது ஒரு பழக்கம். பதிவு எழுத உட்காருவதற்கு முன்னால் சமையல்கூடத்துக்குப் போன் செய்து சரக்கு மாஸ்டரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "இந்தப் பண்டிகைக்கு இன்றைக்கு என்ன வேலை ஓடுகிறது?" பதிவின் முதல் வாக்கியம் அந்தப் பதிலிலிருந்துதான் வர வேண்டும்.

கிருஷ்ண ஜெயந்திக்கு வந்த ஒரு வரைவைப் பாருங்கள்.

"கண்ணன் பிறந்த நன்னாளில் எங்களின் சுவையான, மொறுமொறுப்பான, பாரம்பரியச் சீடை, முறுக்கு வகைகளைச் சுவைத்து மகிழுங்கள்! ஆர்டருக்கு முந்துங்கள்!!"

இதில் தவறு என்று எதையும் சுட்ட முடியாது. ஆனால் கடையின் பெயரை மாற்றிப் போட்டால் எந்தக் கடைக்கும் பொருந்தும். எழுதியவர் மாஸ்டரிடம் பேசிவிட்டு மறுபடி அனுப்பியது இது:

"சீடை மாவை இரண்டு முறை சலித்திருக்கிறோம். கட்டியோ கல்லோ இருந்தால் எண்ணெயில் சீடை வெடிக்கும். உப்புச் சீடையும் வெல்லச் சீடையும் நாளை காலை முதல் கிடைக்கும். கிருஷ்ண ஜெயந்தி வாழ்த்துகள்."

இரண்டாவதை எங்களில் யார் எழுதியிருந்தாலும் ஏறக்குறைய இப்படித்தான் வந்திருக்கும். ஒருவருக்கு ஒருவர் வேறுபடுவது அடைமொழிகளில்தான். 'சுவையான' என்று ஒருவர் எழுதுவார், 'நாவூறும்' என்று இன்னொருவர் எழுதுவார். மாவைச் சலித்தது என்ற செய்தியை எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்ல முடியும். செய்தி கூடக்கூட, குரல் தானாக ஒன்றாகிறது.

தீபாவளிக்கு இதே முறையில் ஒரு தொடரையே எழுதலாம். அதிரச மாவைப் பாகில் கலந்து சில நாள் ஊற வைத்துத்தான் பொரிப்பார்கள். மாவு பாகில் சேர்ந்த அன்று ஒரு பதிவு, எண்ணெயில் இறங்கும் அன்று ஒன்று, லேகியம் கிளறும் அன்று ஒன்று. இவற்றை வேறு வேறு ஆட்கள் எழுதினாலும் படிப்பவருக்குத் தொடர்ச்சி தெரியும். தீபாவளி அன்று காலை வாழ்த்து மட்டும், விலை கிடையாது. இதுவும் எங்கள் ஒரு பக்கத்தில் இருக்கிறது.

குரல் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக எல்லாப் பண்டிகைக்கும் ஒரே வரியை மாற்றி மாற்றிப் போடக் கூடாது. புனித வெள்ளிக்கு வாழ்த்துச் சொல்வது கிறிஸ்தவ வாடிக்கையாளர்களை வருத்தும், அது துக்க நாள். அன்று எங்கள் பக்கத்தில் கடை நேரம் மட்டும் வரும், வாழ்த்து ஈஸ்டருக்குத்தான். மொஹரத்துக்கும் நாங்கள் வாழ்த்துப் போடுவதில்லை. ரம்ஜானுக்குப் பிறை தெரிந்த பிறகு தலைமை காஜி அறிவித்தால்தான் நாள் உறுதி. ஆகவே பதிவைத் தயாராக வைத்திருப்போம், ஆனால் நேரம் குறித்துத் தானாக வெளியாகும்படி வைப்பதில்லை. இவற்றை ஊழியர்கள் தாமாகவே அறிந்திருப்பார்கள் என்று விட்டுவிடாதீர்கள். அந்தப் பண்டிகையைத் தன் வீட்டில் கொண்டாடுகிற ஓர் ஊழியர் இருந்தால், வரைவை அவர் கண்ணில் காட்டிவிட்டுப் போடுவது நல்லது.

தானாக வெளியாகும் பதிவுகளை உடனே நிறுத்தும் பொறுப்பு ஒருவர் கையில் இருக்கட்டும். 2023 டிசம்பரில் நெல்லையும் தூத்துக்குடியும் வெள்ளத்தில் மூழ்கிய நேரம் கிறிஸ்துமஸுக்குச் சில நாட்கள் முன்புதான். அப்படிப்பட்ட நாளில் கேக் பதிவு மலர்ந்த முகத்தோடு வெளியே வந்தால், அதுவரை கட்டிய குரல் முழுவதும் பொய்யாகத் தெரியும்.

கடைசியாகப் படித்துப் பார்க்கும் ஆள் ஒருவராக இருக்க வேண்டும். அவர் உங்களில் மிகச் சிறந்த எழுத்தாளராக இருக்கத் தேவையில்லை, இல்லாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. நன்றாக எழுதுபவர் அடுத்தவர் வரைவை முழுவதும் தன் நடைக்கு மாற்றிவிடுவார். அதன் பிறகு மற்ற மூவரும் "எப்படியும் அவர் திருத்துவார்" என்று அக்கறை இல்லாமல் அனுப்பத் தொடங்குவார்கள். படிப்பவர் வரைவை வாய்விட்டுப் படித்து, இடறும் இடத்தில் கோடு மட்டும் போடட்டும். திருத்துவது எழுதியவர் வேலை. ஒரே இடத்தில் இரண்டு பேர் திரும்பத் திரும்ப இடறினால், அதற்கு ஒரு வரியை அந்த ஒரு பக்கத்தில் சேருங்கள். முதல் வரைவு, திருத்திய வரைவு இரண்டையும் அருகருகே ஒட்டி வையுங்கள். விதியைவிடச் சோடியைப் பார்த்துத்தான் மக்கள் கற்றுக்கொள்கிறார்கள்.

வேலை நடக்கிறதா என்று தெரிந்துகொள்ள எளிய சோதனை உண்டு. கடைப் பெயரையும் படத்தையும் நீக்கிவிட்டுப் பழைய பதிவுகளை அச்செடுத்து, எழுதியவர்களை நன்றாகத் தெரிந்த, ஆனால் எழுதாத ஒரு ஊழியரிடம் கொடுங்கள். பேக்கிங் பிரிவில் இருப்பவர் போதும். "இது யார் எழுதியது?" என்று அவரால் பிரித்துச் சொல்ல முடிந்தால் குரல் இன்னும் ஒன்றாகவில்லை. அதோடு பக்கத்துக் கடைகளின் பதிவுகளையும் கலந்து கொடுங்கள். உங்கள் கடையுடையதை அவரால் தனியாக எடுக்க முடியாவிட்டால், குரல் ஒன்றாகியிருக்கிறது, ஆனால் உங்களுடையதாக இல்லை. இரண்டாவது சிக்கலை விதிகள் சேர்த்துச் சரிசெய்ய முடியாது. மாஸ்டருக்குப் போன் செய்யும் பழக்கம் விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

இத்தனையும் செய்த பிறகும் பின்னூட்டப் பதில்களில் குரல் உடையும். தீபாவளிக்கு முந்தைய இரவு கல்லாவில் கூட்டம் நெரிக்கும்போது பதில் எழுதுபவர் "டிஎம் பண்ணுங்க சார்" என்றுதான் எழுதுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. விலை, கூரியர், இருப்பு, ஆர்டர் கடைசி நாள் என்று அடிக்கடி வரும் கேள்விகளுக்கு அதே குரலில் பதில் எழுதி அவர் போனிலேயே சேமித்துக் கொடுங்கள். தாமதம் என்று கோபமாக எழுதுபவருக்குத் தயார் பதில் போடக் கூடாது. கடையிலிருந்து ஒருவர் தன் பெயரைச் சொல்லி, அவரைப் போனில் கூப்பிட்டுப் பேச வேண்டும்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், ஆயுத பூஜையில் தொடங்குங்கள். அதற்குப் பதிவுகள் குறைவு, பொரி, கடலை, சுண்டல் என்று சரக்கும் எளிது. அதிலிருந்து தீபாவளிக்கு ஏறக்குறைய 20 நாள் இருக்கும். அந்த ஒரு பக்கத்தில் எது பயன்பட்டது, எதை யாரும் பார்க்கவே இல்லை என்று தெரிந்து திருத்த அந்த இடைவெளி போதும்.