ஆன்டாசிட் மாத்திரை பேக் டைட்ரேஷன்: கணக்கை அறிக்கையில் எப்படி எழுதுவது?

கேள்வி: ஆன்டாசிட் மாத்திரையில் பேக் டைட்ரேஷன் செய்து முடித்துவிட்டேன், ரீடிங் எல்லாம் கையில் இருக்கிறது. லேப் ரிப்போர்ட்டில் செய்முறையையும் கணக்கையும் குழப்பமில்லாமல் எப்படி எழுதுவது? போன ரிப்போர்ட் "கணக்கு புரியவில்லை" என்று திரும்பி வந்துவிட்டது.

பதில்:

பியூரெட் ரீடிங் உங்களுக்குச் சொல்வது, குடுவையில் எவ்வளவு அமிலம் மிஞ்சியது என்பதை மட்டும்தான். மாத்திரையைப் பற்றிய பதில் அதற்கு அடுத்து வரும் கழித்தலில் கிடைக்கிறது. திரும்பி வரும் ரிப்போர்ட்டுகளில் பெரும்பாலும் அந்தக் கழித்தல் தனி வரியாக இருக்காது. கால்குலேட்டரில் ஒரே மூச்சில் போட்டு விடையை மட்டும் எழுதியிருப்பார்கள். திருத்துபவர் எதைப் பிடித்துக்கொண்டு பின்தொடர்வார்?

கால்சியம் கார்பனேட் மாத்திரையை வைத்தே சொல்கிறேன். லேபிளில் 500 மி.கி. என்று போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

பேக் டைட்ரேஷன் ஏன் என்பதற்கு அறிமுகத்தில் இரண்டு வாக்கியம் போதும். கால்சியம் கார்பனேட் தண்ணீரில் கரையாது. பியூரெட்டிலிருந்து அமிலத்தை நேராக விட்டால் தூள் மெதுவாகத்தான் வினைபுரியும், நிறம் மாறி மாறித் திரும்பும், முடிவு நிலை பிடிபடாது. அதனால் தெரிந்த அளவு அமிலத்தை அதிகமாகவே ஊற்றி, கார்பனேட் முழுவதையும் கரைத்துவிட்டு, மிஞ்சிய அமிலத்தை சோடியம் ஹைட்ராக்சைடால் அளக்கிறோம்.

செய்முறைக்கு வருவோம். "மாத்திரையை அமிலத்தில் கரைத்து NaOH-ஆல் டைட்ரேட் செய்யப்பட்டது" என்று எழுதினால், அதைப் படித்து இன்னொருவர் அதே சோதனையைச் செய்ய முடியாது. எதை எந்தக் கருவியால் அளந்தீர்கள், எது துல்லியமாக இருக்க வேண்டும், எது தோராயமாக இருந்தால் போதும் என்பதெல்லாம் அதில் தெரிய வேண்டும். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

> ஐந்து மாத்திரைகள் சேர்த்து எடைபோடப்பட்டன (6.260 கி; சராசரி 1.252 கி). அவை கல்வத்தில் நன்கு பொடியாக்கப்பட்டு, அதிலிருந்து சுமார் 0.3 கி தூள் 250 மி.லி. கூம்புக் குடுவையில் துல்லியமாக எடைபோட்டு எடுக்கப்பட்டது. பிப்பெட் மூலம் 25.00 மி.லி. 0.2016 M HCl சேர்க்கப்பட்டது. குமிழி அடங்கியபின் கரைசல் மெதுவாக 5 நிமிடம் கொதிக்கவைக்கப்பட்டு அறை வெப்பநிலைக்குக் குளிரவைக்கப்பட்டது. குடுவையின் உட்சுவர் காய்ச்சி வடித்த நீரால் கழுவிவிடப்பட்டது. பினாப்தலீன் 2 துளி சேர்த்து, இளஞ்சிவப்பு நிறம் 30 வினாடி நிலைக்கும்வரை 0.0986 M NaOH கொண்டு டைட்ரேட் செய்யப்பட்டது.

இதில் "சுமார் 0.3 கி தூள் துல்லியமாக எடைபோட்டு" என்பதைக் கவனியுங்கள். சரியாக 0.3000 கிராம் வர வேண்டும் என்று தூளைச் சேர்ப்பதும் எடுப்பதுமாக மெனக்கெட வேண்டியதில்லை. எவ்வளவு எடுத்தோம் என்பது நான்கு தசம இலக்கம் வரை தெரிந்தால் போதும். கழுவிவிட்ட தண்ணீரின் அளவும் தேவையில்லை, அது அமிலத்தின் மோல்களை மாற்றாது. ஆனால் 25.00 மி.லி. அமிலம் பிப்பெட்டில் எடுத்ததாகத்தான் இருக்க வேண்டும். அளவு ஜாடியில் ஊற்றியிருந்தால் கணக்கின் முதல் வரியே ஆட்டம் கண்டுவிடும். அமிலம், காரம் இரண்டின் செறிவும் எதை வைத்துத் தரப்படுத்தப்பட்டது என்று ஒரு வரி சேருங்கள். NaOH-க்கு வழக்கமாகப் பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட், HCl-க்கு நீரற்ற சோடியம் கார்பனேட்.

கொதிக்கவைத்ததற்கான காரணத்தையும் எழுதுங்கள். வினையில் வரும் கார்பன் டை ஆக்சைடில் கொஞ்சம் கரைசலிலேயே தங்கிவிடும். பினாப்தலீன் நிறம் மாறும் இடத்தில் அதுவும் NaOH-ஐத் தின்னும். வந்த இளஞ்சிவப்பு சில வினாடிகளில் மங்கி, இன்னொரு துளி விட்டால் வந்து மறுபடி மங்கினால், வாயு சரியாக வெளியேறவில்லை என்று சந்தேகப்படலாம். மாத்திரையில் இருக்கும் மாவுப்பொருளால் கரைசல் லேசாகக் கலங்கலாக இருந்தால் பயப்பட வேண்டாம், அது அமிலத்தோடு வினைபுரிவதில்லை. அடியில் வெள்ளைத் தூள் நின்று அதிலிருந்து குமிழி வந்துகொண்டிருந்தால்தான் பிரச்சினை.

இனி கணக்கு. முதலில் சமன்பாடு தனியாக நிற்க வேண்டும்:

```
CaCO3 + 2HCl → CaCl2 + H2O + CO2
HCl + NaOH → NaCl + H2O
```

அப்புறம் ரீடிங் அட்டவணை. நம் உதாரணத்துக்கு மூன்று குடுவைகள்:

| குடுவை | தூள் (கி) | NaOH (மி.லி.) |
|---|---|---|
| 1 | 0.3142 | 25.45 |
| 2 | 0.3087 | 25.95 |
| 3 | 0.3205 | 24.90 |

இங்கே நிறையப் பேர் பழக்கதோஷத்தில் மூன்று NaOH ரீடிங்கையும் சராசரி எடுத்துவிடுகிறார்கள். சாதாரண டைட்ரேஷனில் ஒரே கரைசலிலிருந்து ஒரே அளவு பிப்பெட் செய்கிறோம், அதனால் ரீடிங்குகள் ஒத்துப்போக வேண்டும். இங்கே ஒவ்வொரு குடுவையிலும் தூளின் எடை வேறு. ரீடிங் ஒத்துப்போகக் கூடாது! தூள் கூடினால் மிஞ்சும் அமிலம் குறையும், NaOH-உம் குறையும். ஒவ்வொரு குடுவைக்கும் கணக்கைத் தனியாக முடித்து, கடைசி விடைகளைத்தான் சராசரி எடுக்க வேண்டும்.

முதல் குடுவையை முழுசாகப் போட்டுக் காட்டுங்கள். மி.லி.-ஐ மோலாரிட்டியால் பெருக்கினால் நேரே மில்லிமோல் வந்துவிடும், ஆயிரத்தால் வகுக்கும் தொல்லை இல்லை.

```
எடுத்த HCl = 25.00 × 0.2016 = 5.0400 மில்லிமோல்
மிஞ்சிய HCl = 25.45 × 0.0986 = 2.5094 மில்லிமோல்
வினைபட்ட HCl = 5.0400 − 2.5094 = 2.5306 மில்லிமோல்
CaCO3 = 2.5306 ÷ 2 = 1.2653 மில்லிமோல்
தூளில் CaCO3 = 1.2653 × 100.09 = 126.64 மி.கி.
மாத்திரையில் CaCO3 = 126.64 × 1.252 ÷ 0.3142 = 504.6 மி.கி.
```

ஒவ்வொரு வரிக்கும் இடப்பக்கம் பெயர் இருக்கிறது பாருங்கள். வெறும் "n = 2.5306" என்று எழுதினால் அது எதன் மோல், எடுத்ததா, மிஞ்சியதா, வினைபட்டதா என்று படிப்பவர் யூகிக்க வேண்டிவரும். மற்ற இரண்டு குடுவைகளுக்கும் விடையை மட்டும் கொடுத்தால் போதும்: 503.6, 505.3 மி.கி. சராசரி 505 மி.கி. NaOH செறிவு மூன்று முக்கிய இலக்கங்களில் இருப்பதால் விடையும் மூன்றோடு நிற்கட்டும். இடையில் மட்டும் இலக்கங்களைக் கூடுதலாக வைத்திருங்கள்.

கழித்தலை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதையும் இதே எண்களில் பார்த்துவிடுங்கள். மிஞ்சிய 2.5094 மில்லிமோலையே வினைபட்ட அமிலம் என்று எடுத்துக்கொண்டு போட்டால் முதல் குடுவைக்கு 500.4 மி.கி. வருகிறது. சரியான விடையைவிட லேபிளுக்கு இன்னும் நெருக்கம்! இந்த அமைப்பில் ஊற்றிய அமிலத்தில் ஏறக்குறைய பாதி வினைபட்டு பாதி மிஞ்சுவதால் இரண்டு எண்களும் தற்செயலாகப் பக்கத்தில் வந்துவிடுகின்றன. லேபிளோடு ஒப்பிட்டு "சரியாக வந்துவிட்டது" என்று நினைப்பவர் இதில் வசமாக மாட்டிக்கொள்வார். காட்டிக்கொடுப்பது மற்ற குடுவைகள்தான்: அதே தவறான வழியில் இரண்டாவது 519, மூன்றாவது 480 மி.கி. தரும். குறைவான தூளில் மாத்திரைக்கு அதிகக் கார்பனேட், அதிகத் தூளில் குறைவு என்று தலைகீழாக வந்தால் கழித்தல் எங்கோ தொலைந்துவிட்டது என்று அர்த்தம். எடைகளைக் கொஞ்சம் வித்தியாசமாக எடுப்பதில் இந்த லாபமும் உண்டு. இரண்டால் வகுக்க மறந்த பிழை இவ்வளவு ஒளிந்துகொள்ளாது, விடை ஆயிரத்துக்குப் பக்கத்தில் போய்விடும்.

பிழைகளைப் பற்றிய பகுதியில் "மனிதப் பிழை இருக்கலாம்" என்று எழுதாதீர்கள், அது எதையும் சொல்வதில்லை. என்ன நடந்தால் விடை எந்தப் பக்கம் நகரும் என்று எழுதுங்கள். பேக் டைட்ரேஷனில் திசை தலைகீழ். முடிவு நிலையைத் தாண்டி ஒரு துளி, அதாவது சுமார் 0.05 மி.லி., கூடுதலாக விட்டால் மிஞ்சிய அமிலம் அதிகம் என்று கணக்காகும், மாத்திரையின் கார்பனேட் குறைவாகத் தெரியும். நம் எண்களில் அந்த ஒரு துளி மாத்திரைக்குக் கிட்டத்தட்ட 1 மி.கி. குறைக்கும். கார்பன் டை ஆக்சைடு தங்கினாலும் அதே திசைதான். கொதிக்கும்போது கரைசல் தெறித்து வெளியே போனால் அமிலம் குறையும், கார்பனேட் அதிகமாகத் தெரியும். இப்படி எழுதியபின் உங்கள் விடை லேபிளைவிடக் கூடவா குறையவா என்று பார்த்து, எந்தக் காரணம் பொருந்துகிறது என்று சொல்லலாம். நம் உதாரணத்தில் 505 கிடைத்திருக்கிறது, ஆகவே கார்பன் டை ஆக்சைடைக் காரணம் காட்ட முடியாது. அது விடையைக் குறைக்குமே தவிரக் கூட்டாது. லேபிளில் இருக்கும் 500 என்பதையும் உண்மை மதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மாத்திரைக்கு மாத்திரை அளவு கொஞ்சம் மாறும், அதற்காகத்தானே ஐந்தைச் சேர்த்துப் பொடித்தோம்.

கடைசியாக, எழுதத் தொடங்கும் முன் மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் படித்துவிடுங்கள். மெக்னீசியம் ஹைட்ராக்சைடும் சேர்ந்த கலவை மாத்திரை என்றால் இந்த டைட்ரேஷனால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. அப்போது "வினைபட்ட HCl" வரியோடு நிறுத்தி, ஒரு மாத்திரை எத்தனை மில்லிமோல் அமிலத்தை நடுநிலையாக்கியது என்று மட்டும் எழுதுங்கள். அலுமினியம் ஹைட்ராக்சைடு இருந்தால் பினாப்தலீனும் சரிப்படாது. NaOH சேரச் சேர, நிறம் மாறுவதற்கு வெகு முன்பே அலுமினியம் மறுபடி வீழ்படிவாகி காரத்தை உண்டுவிடும், அதனால் அமிலப் பக்கத்திலேயே நிறம் மாறும் புரோமோபீனால் நீலம் போன்ற நிறங்காட்டியை எடுத்து, அதற்கான காரணத்தைச் செய்முறையில் எழுதிவிடுங்கள்.