நான்கு மொழிக் கையேட்டுக்கு ஒரே சொற்பட்டியல்

கேள்வி: சிங்கப்பூரில் எங்கள் கம்பெனியின் பாதுகாப்புப் பயிற்சிக் கையேட்டை ஆங்கிலத்திலிருந்து தமிழ், சீனம், வங்காளம் மூன்றுக்கும் கொண்டுபோகிறோம். ஏறக்குறைய 300 பக்கம், அத்தியாயத்துக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர். ஒரே பொருளுக்கு ஆளுக்கொரு சொல் வருகிறது. எல்லாரும் பயன்படுத்துகிற பொதுச் சொற்பட்டியலை எப்படி உருவாக்குவது?

பதில்:

ஷிப்யார்ட் ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் பயிற்சிப் பிரிவில் இந்த வேலையைத்தான் பார்க்கிறேன். உங்கள் கையேட்டில் உயரத்தில் வேலை செய்வது பற்றி ஓர் அத்தியாயம் கட்டாயம் இருக்கும். முதலில் அதை எடுத்துக்கொள்ளுங்கள். சிக்கல் முழுவதும் அந்த ஒரு அத்தியாயத்திலேயே தெரிந்துவிடும்.

பெரும்பாலோர் எக்செல்லைத் திறந்து இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ச் சொல் என்று நிரப்ப ஆரம்பிப்பார்கள். அப்படிச் செய்யாதீர்கள். ஒரு வரிசை என்றால் ஒரு பொருள். முதல் கட்டத்தில் எண், அடுத்ததில் அந்தப் பொருளின் புகைப்படம், அதற்கடுத்து எளிய ஆங்கிலத்தில் ஒற்றை வாக்கிய விளக்கம். இவை முடிந்த பிறகுதான் ஒவ்வொரு மொழியின் சொல்லும் வரும். உங்கள் வங்காள மொழிபெயர்ப்பாளருக்குத் தமிழ் தெரியாது, தமிழ் மொழிபெயர்ப்பாளருக்குச் சீனம் தெரியாது. எல்லாருக்கும் பொதுவானவை படமும் விளக்கமும்தான்.

லேன்யார்ட், லைஃப்லைன் இரண்டையும் எடுத்துக்கொள்வோம். லேன்யார்ட் என்பது தொழிலாளி அணிந்திருக்கும் ஹார்னஸோடு சேர்ந்த குட்டையான இணைப்பு, பெரும்பாலும் 2 மீட்டருக்குள் இருக்கும். லைஃப்லைன் கட்டமைப்பில் கட்டப்பட்டு அங்கேயே இருக்கும், லேன்யார்டின் கொக்கியை அதில் மாட்டுவார்கள். நாலாம் அத்தியாயத்தை மொழிபெயர்த்தவர் லேன்யார்டுக்கும், ஏழாம் அத்தியாயத்தை மொழிபெயர்த்தவர் லைஃப்லைனுக்கும் ‘பாதுகாப்புக் கயிறு’ என்று எழுதியிருப்பார்கள். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே நல்ல தமிழ். ஆனால் ஏழில் ‘பாதுகாப்புக் கயிறு இரு முனைகளிலும் உறுதியாகக் கட்டப்பட்டிருக்கிறதா எனப் பாருங்கள்’ என்று வரும்போது, நாலாம் அத்தியாயத்தைப் படித்தவர் தன் இடுப்புப் பக்கம் தொங்கும் லேன்யார்டின் கொக்கிகளை இழுத்துப் பார்த்துவிட்டு மேலே ஏறிவிடுவார். லைஃப்லைனை யாருமே சோதிக்கவில்லை.

அதனால் ஒவ்வொரு மொழிக்கும் மூன்று கட்டங்கள் தேவை: எழுத வேண்டிய சொல், தளத்தில் வழங்கும் சொல், எழுதக்கூடாத சொல். இவற்றில் அதிகம் வேலை செய்வது மூன்றாவதுதான். எங்களிடம் ‘பாதுகாப்புக் கயிறு’ இரண்டு வரிசையிலும் தடை. ‘நங்கூரம்’ என்பதும் தடை, ஏனென்றால் ஷிப்யார்டில் நிஜ நங்கூரமே கிடக்கிறது. கொக்கியை மாட்டும் இடத்தை ஆங்கர் பாயிண்ட் என்றே எழுதுகிறோம்.

ஹார்னஸ் விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. தளத்தில் நம் ஆட்கள் அதைச் ‘சேஃப்டி பெல்ட்’ என்பார்கள். ஆனால் இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட் வேறு பொருள். விழுபவரைத் தாங்கிப் பிடிக்க அது உதவாது, உடம்புக்கே கேடு. எனவே செய்முறைப் படிகளில் ‘முழு உடல் ஹார்னஸ்’ மட்டும்தான். ‘தளத்தில் சேஃப்டி பெல்ட் என்பது இதைத்தான்’ என்று அத்தியாயத்தில் ஒரே ஒரு முறை படத்துக்குக் கீழே சொல்லிவிடுகிறோம். சீனத்திலும் பெல்ட்டுக்கும் ஹார்னஸுக்கும் பொதுவாக வழங்கும் ஒரு சொல் உண்டு. அங்கேயும் ‘முழு உடல்’ என்ற அடை கட்டாயம் என்று அந்த வரிசையில் குறித்துவிடுங்கள்.

சட்டத்தில் வரையறை உள்ள தொடர்களுக்குத் தனி அடையாளம் வையுங்கள். சிங்கப்பூரின் உயர வேலை விதிமுறைகளின்படி, 3 மீட்டருக்கு மேல் விழக்கூடிய இடத்தில் செய்யும் வேலை ‘அபாயமிக்க உயர வேலை’. அதைத் தொடங்கும் முன் அந்த வேலைக்கென்றே பெர்மிட் வாங்கியாக வேண்டும். நடை நன்றாக இருக்கட்டும் என்று யாராவது ‘அபாயமிக்க’ என்பதை நறுக்கிவிட்டால், ஒரு சின்ன ஏணியில் ஏறவும் பெர்மிட் வேண்டும் என்று பொருள் மாறிப்போகும். ‘சுருக்கக்கூடாது’ என்ற குறிப்பு இத்தகைய வரிசைகளுக்கு மட்டும் போதும். அமைப்புகளின் பெயரும் அப்படித்தான். மனிதவள அமைச்சு என்பதே இங்கே வழக்கம். தமிழ்நாட்டிலிருந்து மொழிபெயர்ப்பவர் பழக்கத்தில் அமைச்சகம் என்று எழுதிவிடுவார்.

எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுப்பது என்று மொழிபெயர்ப்பாளர்கள் மட்டும் கூடிப் பேசினால் பட்டியல் முடியவே முடியாது. (இலக்கணச் சண்டை சுவையாக இருக்கும், அது வேறு.) தொழிலாளிகள் சிலரிடம் நாலைந்து படங்களைப் பரப்பி வைத்து, சொல்லைச் சொல்லி எந்தப் படம் என்று காட்டச் சொல்லுங்கள். படத்தைக் காட்டிப் பெயர் கேட்பதை விட இதுதான் பயன் தரும், ஏனென்றால் கையேட்டைப் படிப்பவர் சொல்லிலிருந்துதான் பொருளுக்குப் போகிறார். ஒருவர் லேன்யார்டையும் இன்னொருவர் லைஃப்லைனையும் காட்டினால் அந்தச் சொல் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். கடைசி முடிவு பாதுகாப்புப் பயிற்றுநர் கையில் இருக்கட்டும்.

அப்புறம், சரிபார்ப்பு. தமிழில் பட்டியலை அப்படியே தேடினால் பாதி தப்பிவிடும். ‘கயிறு’ என்று தேடினால் கயிற்றை, கயிற்றில் கிடைக்காது. அதற்கு ஒரு எளிய வழி உண்டு. யுனிகோடில் உயிர்க்குறியும் புள்ளியும் மெய்யெழுத்தின் பின்னால்தான் பதிவாகின்றன. ஆகவே கடைசிக் குறியை விட்டு ‘கயிற’ என்று தேடினால் எல்லா வடிவமும் அகப்படும். லேன்யார்ட், லேன்யார்டு, லேன்யார்டை மூன்றுக்கும் ‘லேன்யார்ட’ போதும். இந்தத் தேடல் வடிவத்தை ஒரு கட்டத்தில் எழுதி வையுங்கள். இடம், இடத்தில் போன்றவற்றுக்கு மட்டும் `இட(ம|த்|ங்)` என்று ரெகுலர் எக்ஸ்பிரஷனாகக் கொடுக்க வேண்டும், ‘இட’ என்று தேடினால் கண்டதும் வந்து விழும்.

இன்னொரு தொல்லை, கொக்கியில் உள்ள ‘கொ’. சில கோப்புகளில் ஒகரக் குறி ஒரே குறியீடாக இருக்கும், சிலவற்றில் எகரக் குறியும் காலும் தனித்தனியாக இருக்கும். திரையில் வித்தியாசமே தெரியாது, தேடல் மட்டும் தோற்கும். அத்தியாயத்தை வெறும் எழுத்துக் கோப்பாக்கி, குறியீட்டை ஒரே வடிவுக்குக் கொண்டுவந்துவிட்டுத் தேடுங்கள். கீழே உள்ள கட்டளையில் முதல் வேலையை uconv செய்யும், தேடலை grep செய்யும்:

```
uconv -x any-nfc ch07.txt | grep -nE 'பாதுகாப்பு(க்)? ?கயிற'
```

ஒற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும், இடைவெளி விட்டாலும் சேர்த்தாலும் இது பிடிக்கும். வெறும் ‘கயிறு’ என்பதைத் தடைப் பட்டியலில் போடாதீர்கள். தூக்கும் சரக்கைப் பிடித்து வழிநடத்தும் சாதாரணக் கயிறும் கையேட்டில் வரும்.

கிடைத்த இடங்களை ஒட்டுமொத்தமாக மாற்றும் பொத்தானை அழுத்தவே அழுத்தாதீர்கள். மேலே சொன்ன உதாரணத்தில் அது லேன்யார்டா லைஃப்லைனா என்று வாக்கியத்தையும் ஆங்கில மூலத்தையும் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். மூலத்திலேயே லைஃப்லைன், சேஃப்டி லைன் என்று மாறி மாறி இருந்தால் முதலில் ஆங்கிலத்தைத் திருத்த வேண்டும். எங்களுக்கு அதிக நேரம் பிடித்தது அதுதான்.

எல்லாச் சொல்லையும் பட்டியலில் ஏற்ற வேண்டியதில்லை. மாறினால் ஆபத்து, சட்டத்தில் வரையறை உண்டு, ஏற்கெனவே இரண்டு விதமாக எழுதப்பட்டுவிட்டது, இந்த மூன்றில் ஒன்று பொருந்தினால் சேருங்கள். 300 பக்கத்துக்கு இருநூறு வரிசைக்குள் அடங்கும் என்பது என் கணிப்பு. பட்டியலைத் திருத்தும் உரிமை ஒருவருக்கு மட்டும், மற்றவர்கள் பார்க்கலாம், குறிப்பு எழுதலாம். ஒவ்வொரு அத்தியாயத்தின் அடியிலும் எந்தப் பதிப்புப் பட்டியலைப் பார்த்து எழுதியது என்று எண் போடுங்கள். பிறகு ஒரு சொல் மாறினால், எந்தெந்த அத்தியாயத்தைத் திரும்பத் தேட வேண்டும் என்பது அந்த எண்ணைப் பார்த்தாலே தெரியும்.