மெழுகுவத்தி எரிந்தால் சம்ப்பில் இறங்கலாமா?

"எங்கள் அபார்ட்மென்ட் சம்ப் 10 அடி ஆழம், பல மாதமாக மூடியே கிடக்கிறது, அடியில் சேறு. மெழுகுவத்தி இறக்கிப் பார்த்து எரிந்தால் ஆளை இறக்கலாமா?"

வேண்டாம். ஆக்சிஜன் 17 சதவீதத்துக்கு இறங்கினாலும் மெழுகுவத்தி எரியும், ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு இருப்பதை அது காட்டாது, மீத்தேன் தேங்கியிருந்தால் அதுவே தீ வைத்துவிடும்.

நான்கு வாயு மீட்டரை வாடகைக்கு எடுங்கள். முதலில் மோட்டார் மின்சாரத்தைத் துண்டித்து, மூடியைத் திறந்து, ப்ளோயர் குழாயை அடிவரை விட்டுக் காற்று அடியுங்கள் (பெட்ரோலில் ஓடும் பம்ப், ஜெனரேட்டர் எதுவும் சம்ப் வாய் பக்கத்தில் வேண்டாம், அதன் புகையே ஆளைக் கொல்லும்). அப்புறம் மேல், நடு, அடி மூன்று மட்டத்திலும் மீட்டர் எண் நிலைக்கும்வரை காத்திருந்து பாருங்கள். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது, 23.5ஐத் தாண்டவும் கூடாது. எரிவாயு அளவு, தீப்பிடிக்கத் தேவையான குறைந்தபட்ச அளவான LEL-ல் 10 சதவீதத்துக்குள், ஹைட்ரஜன் சல்பைடு எனும் H₂S 10 ppm-க்குள், கார்பன் மோனாக்சைடு எனும் CO 25 ppm-க்குள் இருக்கணும். சேற்றைக் கிளறும்போதுதான் வாயு கிளம்பும் என்பதால், இறங்குபவர் சட்டையிலும் மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கட்டும். அலாரம் அடித்தால் உடனே மேலே.

மீட்பு ஏற்பாடு இறங்குமுன்பே தயாராக வேண்டும்: வாய்க்கு மேல் முக்காலி, வின்ச், உடல் முழுக்கப் பிடிக்கும் ஹார்னஸ், கயிறு மாட்டியபடியே வேலை. மேலே நிற்பவர் நகரக்கூடாது, உள்ளே ஆள் சாய்ந்தால் வின்ச்சைச் சுற்றி இழுத்துக்கொண்டே 112க்குச் சொல்லச் சொல்லுங்கள். அவர் உள்ளே இறங்கவே கூடாது, காப்பாற்றக் குதித்த இரண்டாவது ஆளும் சாவது அப்படித்தான்.