சந்தாவை உயர்த்திய கூட்டத்தின் மினிட்ஸில் எண்ணிக்கை எப்படி எழுதுவது?

"பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் பள்ளி முன்னாள் மாணவர் சங்கத்துக்கு நான் புதுச் செயலாளர். பதிவு பெற்ற சங்கம். போன ஞாயிறு ஆண்டுக் கூட்டத்தில் கணக்கு, ரீயூனியன், ஆண்டுச் சந்தாவை 200-லிருந்து 500 ஆக்குவது என மூன்றும் பேசினோம். வந்தவர்கள் 62 பேர். சந்தா உயர்வுக்கு 44 பேர் கை தூக்கினார்கள், 11 பேர் எதிர்ப்பு, மீதிப் பேர் சும்மா இருந்தார்கள். 'பெரும்பான்மையோரால் ஏற்கப்பட்டது' என்று மினிட்ஸில் எழுதினால் போதுமா?"

போதாது. முதலில் உங்கள் துணைவிதிகளை எடுத்து, சந்தாத் தொகை அதிலேயே எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 'செயற்குழு அவ்வப்போது நிர்ணயிக்கும்' என்று இருந்தால் கவலை இல்லை. '200 ரூபாய்' என்றே இருந்தால், நீங்கள் செய்வது துணைவிதித் திருத்தம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி அதற்குச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். அதாவது, வாக்குரிமையோடு கூட்டத்தில் இருக்கும் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் ஆதரிக்க வேண்டும்.

இடறுவது இங்கேதான். கை தூக்கிய 55 பேரை மட்டும் கணக்கில் எடுத்தால் 44 என்பது 80 சதவீதம், தாராளமாகத் தேறிவிட்டது போலத் தெரியும். ஆனால் சட்டம் பார்ப்பது வாக்களித்தவர்களை அல்ல, வந்திருந்தவர்களை. 62-இல் நான்கில் மூன்று 46.5, ஆக 47 கை வேண்டும், உங்களுக்கு மூன்று குறைகிறது. சும்மா உட்கார்ந்திருந்த அந்த ஏழு பேரும் எதிர்த்து வாக்களித்த மாதிரிதான்!

சரி, 62 பேருக்குமே வாக்குரிமை இருந்ததா? சந்தா பாக்கி வைத்தவருக்கு வாக்கில்லை என்று பல சங்கங்களின் துணைவிதியில் உண்டு, உங்களுடையதிலும் இருக்கலாம். பொருளாளரின் ரசீதுப் புத்தகத்தையும் வருகைக் கையெழுத்துத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சரிபாருங்கள். ஒரு பேச்சுக்கு, ஐந்து பேர் பாக்கி, அந்த ஐந்து பேரும் கை தூக்காமல் இருந்தவர்கள் என்று வையுங்கள். வாக்குரிமை உள்ளவர்கள் 57, தேவை 43, உங்கள் 44 தேறிவிடும். அதே ஐந்து பேரும் ஆதரித்துக் கை தூக்கியவர்களாக இருந்தால் ஆதரவு 39 ஆகி விழுந்துவிடும். அதனால் மினிட்ஸில் நான்கு எண்கள் தனித்தனியாக இருக்க வேண்டும்: வந்தவர்கள், வாக்குரிமை உள்ளவர்கள், ஆதரவு, எதிர்ப்பு. இந்த நான்கும் வாக்கெடுப்பு நேரத்து எண்களாக இருக்கட்டும், ஏனென்றால் காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிரியாணி வந்ததும் சாப்பிட்டுக் கிளம்பியவர்கள் எந்தச் சங்கத்தில்தான் இல்லை?

அப்புறம் நோட்டீஸ். இதைச் சிறப்புத் தீர்மானமாகக் கொண்டுவரப் போகிறோம் என்று குறிப்பிட்டு, குறைந்தது 21 நாள் முன்னதாக அனுப்பியிருக்க வேண்டும். 'சந்தா குறித்துப் பேசுதல்' என்று பத்து நாள் முன்னால் ஒரு வாட்ஸாப் செய்தி மட்டும்தான் போனது என்றால், 62 பேரும் கை தூக்கியிருந்தாலும் தீர்மானம் நிற்காது. ராயபுரத்தில் ஒரு சங்கத்துக்குச் செயலாளராக இருந்தபோது நானும் இப்படித்தான் 'பெரும்பான்மை' என்று எழுதிக் கொடுத்தேன். பதிவாளர் அலுவலகத்தில் நோட்டீஸ் நகலைக் கேட்டார்கள், கையில் இல்லை, திரும்பிவிட்டேன்.

குறை இருந்தால் மறைக்காமல் இப்படி எழுதுங்கள்: 'சந்தாவை 500 ரூபாயாக உயர்த்துவது விவாதிக்கப்பட்டது. வாக்கெடுப்பின்போது இருந்தவர்கள் ___ பேர், வாக்குரிமை உள்ளவர்கள் ___ பேர். 44 பேர் ஆதரித்தனர், 11 பேர் எதிர்த்தனர். இதற்கெனச் சிறப்புப் பொதுக்கூட்டம் கூட்ட முடிவு செய்யப்பட்டது.' கடைசி வரியை அன்றைக்கு அங்கே முடிவு செய்திருந்தால் மட்டும் எழுதுங்கள். இல்லையென்றால் செயற்குழுவைக் கூட்டி அங்கே முடிவெடுங்கள். நடக்காததை மினிட்ஸில் பின்னால் செருகினால், எதிர்த்த 11 பேரில் ஒருவர் போதும், உங்களைக் கேள்வி கேட்க.

கணக்குக்கும் 'கணக்கு ஏற்கப்பட்டது' என்ற ஒற்றை வரி உதவாது. ஆரம்ப இருப்பு, வரவு, செலவு, மார்ச் 31 அன்று இருந்த இறுதி இருப்பு என்று எழுதி, அந்த இருப்பில் வங்கியில் எவ்வளவு, கையில் எவ்வளவு என்று பிரித்துக் காட்டுங்கள். உதாரணமாக 38,400 இருப்பு, 1,12,600 வரவு, 96,250 செலவு என்றால் மீதி 54,750. வங்கியில் 51,350, கையில் 3,400. பாஸ்புக்கோடு ஒத்துப்போகிறதா என்று யாரும் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். மண்டப அட்வான்ஸுக்கு ரசீது எங்கே என்று யாராவது கேட்டிருந்தால், அந்தக் கேள்வியும் பொருளாளர் சொன்ன பதிலும் இரண்டே வரியில் இருக்கட்டும். ரீயூனியனுக்கு நாள், செலவு உச்சவரம்பு, பொறுப்பாளர்கள் போதும். மெனு பற்றி நடந்த அரை மணி நேரச் சண்டை வேண்டாம்.

சிறப்புத் தீர்மானம் நிறைவேறினாலும் அன்றைக்கே 500 வசூலிக்க முடியாது. திருத்தத்தை மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்து, அது பதிவான பிறகுதான் செல்லும். ஞாயிறன்றே யாராவது ஆர்வத்தில் 500 கட்டியிருந்தால், ரசீதில் 200-ஐச் சந்தா என்றும் 300-ஐ முன்பணம் என்றும் பிரித்து எழுதிக் கொடுங்கள், கேட்டால் திருப்பிக் கொடுக்கத் தயாராக இருங்கள்.