கால் டேங்க் கணக்கும் என் நோட்டுப் புத்தகமும்

கேள்வி: காரில் எப்போதும் டேங்கை நிறைத்து வைத்திருந்தால் பாரம் கூடி மைலேஜ் குறையுமா? கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு ஓட்டினால் மிச்சமாகுமா, இல்லை அடிக்கடி பங்குக்குப் போவதிலேயே அந்த மிச்சம் போய்விடுமா?

பதில்:

போய்விடும். ஆறு மாதம் இந்தக் கிறுக்குத்தனத்தைச் செய்து பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். நீங்களும் என்னைப் போலவே முள் சிவப்புக் கோட்டைத் தொடும்வரை விட்டு, பிறகு பத்து லிட்டர் மட்டும் போடுகிறவராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

எனக்கு இந்த யோசனையைத் தந்தவர் என் மைத்துனர். "விமானத்தில் தேவைக்கு மேல் எரிபொருள் ஏற்றினால், அந்த எரிபொருளைச் சுமப்பதற்கே எரிபொருள் செலவாகும் என்று கணக்குப் போடுகிறார்கள். அவர்களுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிந்துவிட்டது?" என்று ஒருநாள் கேட்டார். அவர் சொன்ன செய்தி உண்மைதான். ஆனால் தொலைதூர விமானம் கிளம்பும்போது அதன் மொத்த எடையில் பத்தில் நான்கு பங்கு வரைகூட எரிபொருளாக இருக்கும். என் காரின் டேங்க் கொள்ளளவு 45 லிட்டர். பெட்ரோல் தண்ணீரைவிட லேசு, லிட்டருக்கு முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. முழு டேங்க் என்பது 33 கிலோ. நானும் காரும் சேர்ந்து 1,200 கிலோ. நூற்றில் மூன்று பங்குகூட வராத ஒன்றுக்கு விமானத்தை உதாரணம் காட்டினார், நானும் தலையாட்டினேன்.

அந்த 33 கிலோவும் முழுதாக மிச்சமாவதில்லை என்பதை இன்னும் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். நிறைத்து ஓட்டுகிறவன் எப்போதும் 45 லிட்டரைச் சுமப்பதில்லை. ஓட ஓடக் குறைகிறது. 45 லிட்டரில் தொடங்கி 5 லிட்டர் மிஞ்சும்போது மறுபடி நிரப்பினால் சராசரியாகச் சுமப்பது 25 லிட்டர். 5 லிட்டர் மிஞ்சும்போது பத்து லிட்டர் போடுகிறவன் 15க்கும் 5க்கும் நடுவில் ஓட்டுகிறான், சராசரி 10. இரண்டுக்கும் வித்தியாசம் 15 லிட்டர், அதாவது 11 கிலோ. 45 கிலோ கூடினால் மைலேஜ் ஏறக்குறைய ஒரு சதவீதம் குறையும் என்பது பொதுவான கணக்கு. 11 கிலோவுக்குக் கால் சதவீதம். 400 லிட்டர் எரித்தால் ஒரு லிட்டர் மிச்சம்.

ஆனால் முதல் மாதம் என் நோட்டுப் புத்தகம் வேறு கதை சொன்னது. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தந்துகொண்டிருந்த கார், 15.9 தந்ததாக எழுதி வைத்திருக்கிறேன், அடியில் இரண்டு கோடும் போட்டு. வீட்டில், அலுவலகத்தில், கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் சொன்னேன். அது பொய் இல்லை, அளந்த முறைதான் தவறு. முள் சிவப்புக் கோட்டைத் தொட்டதும் பத்து லிட்டர் போடுவேன். மறுபடி தொடும்போது எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று பார்ப்பேன். அந்த முள்ளை ஆட்டுவது டேங்குக்குள் மிதக்கும் ஒரு மிதவை. கார் சற்றே சரிவில் நின்றால் பெட்ரோல் ஒருபக்கம் ஒதுங்கும், மிதவையும் அதனுடன் ஏறும், இறங்கும். டேங்கும் சீரான பெட்டி இல்லை, இடத்துக்கு ஏற்றாற்போல் நெளிந்து வளைந்தது. முள்ளின் தடிமனுக்குள்ளேயே ஒரு லிட்டர் ஒளிந்துகொள்ளும். பத்து லிட்டரில் ஒரு லிட்டர் பிசகினால் பத்து சதவீதம். கால் சதவீதத்தைத் தேடிப் போனவன் பத்து சதவீதம் பிசகும் கருவியை வைத்துக்கொண்டு பெருமை பேசினேன். பேச்சை நிறுத்திய பிறகுதான் அடுத்த மாதம் 14.2 என்று எழுதினேன். அதற்குக் கோடு போடவில்லை.

சரியாக அளக்க ஒரே வழிதான் உண்டு. தொடக்கத்தில் ஒருமுறை நாசில் தானாக நிற்கும்வரை நிரப்ப வேண்டும். அதன்பின் போடுகிற ஒவ்வொரு லிட்டரையும் குறித்துக்கொண்டே வந்து, பல ஆயிரம் கிலோமீட்டர் கழித்து, அதே பங்கில், அதே இடத்தில் காரை நிறுத்தி மறுபடி நிற்கும்வரை நிரப்ப வேண்டும். அப்போதுகூட நாசில் நிற்கிற இடம் அரை லிட்டர் முன்பின்னாகும். அதன் முனையில் ஒரு சிறு துளை உண்டு, பெட்ரோல் அதை மூடியதும் உள்ளே காற்றிழுப்பு மாறி வால்வு விழும். வேகமாக ஊற்றினால் நுரை தட்டி முன்னதாகவே விழும். ஆனால் 400 லிட்டரில் அரை லிட்டர் தவறினால் பாதகமில்லை.

அப்படி அளந்ததில், பத்துப் பத்து லிட்டராகப் போட்டபோது 5,940 கிலோமீட்டருக்கு 401 லிட்டர் ஆனது. லிட்டருக்கு 14.81. அதற்கு முந்தைய அரை ஆண்டு நிறைத்து ஓட்டிய கணக்கு 6,120 கிலோமீட்டருக்கு 410 லிட்டர். லிட்டருக்கு 14.93. "பார்த்தீர்களா, நிறைத்து ஓட்டினால்தான் மைலேஜ்" என்று நான் சொல்லப்போவதில்லை. இது ஒரு சதவீதம்கூட இல்லாத வித்தியாசம். மழை, நெரிசல், குளிர்சாதனம் இவற்றில் ஏதாவது ஒன்றே இதைவிடப் பெரிய மாற்றத்தைச் செய்துவிடும். இதற்கு நான் எந்த அர்த்தமும் கற்பிக்கவில்லை. கீழே வந்து "மாதிரி எண்ணிக்கை போதாது" என்று எழுதப்போகிறவருக்கு முன்கூட்டியே வணக்கம்.

எனக்கு உறைத்தது அந்த எண் இல்லை. நான் வழக்கமாகப் போகிற பங்க், என் பாதையிலிருந்து அரைக் கிலோமீட்டர் விலகி இருக்கிறது. போய் வர ஒரு கிலோமீட்டர். நிறைத்து ஓட்டியபோது பத்துத் தடவை போனேன், பத்து லிட்டராகப் போட்டபோது நாற்பது தடவை. முப்பது கிலோமீட்டர் அதிகம், பங்குக்கு மட்டும். அதற்கே இரண்டு லிட்டர். ஆனால் மைலேஜ் கணக்கில் இந்த முப்பது கிலோமீட்டரும் ஓடிய தூரமாகத்தான் சேரும், நட்டமாகக் காட்டாது! பெட்ரோல் தேடி ஓடிய தூரத்தையும் சாதனையாகக் காட்டும் எண் அது. ஆகவே உங்கள் காரின் திரையில் தெரிகிற மைலேஜ் கணக்கை வைத்து இந்தக் கேள்விக்கு விடை தேடாதீர்கள். மாதம் மொத்தம் எத்தனை லிட்டர் ஆனது, உண்மையில் போக வேண்டிய இடங்களுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பாருங்கள்.

பங்க் பாதையிலேயே இருந்தாலும் நிறுத்தம் இலவசம் இல்லை. மணிக்கு 60 கிலோமீட்டரில் வந்த 1,200 கிலோ காரை நிறுத்தி, மறுபடி அதே வேகத்துக்குக் கொண்டுவர ஏறக்குறைய 20 மில்லி பெட்ரோல் வேண்டும். வரிசையில் மூன்று நிமிடம் இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தால் இன்னொரு 40 மில்லி. ஒரு நிறுத்தத்துக்கு 60 மில்லி, கூடுதலாக முப்பது நிறுத்தம், 1.8 லிட்டர். பாரம் குறைத்து மிச்சப்படுத்தியது ஒரு லிட்டர், அதற்காகச் செலவழித்தது நான்கு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. பங்க் வழியிலேயே இருந்து, வரிசையும் இல்லாமல், இன்ஜினையும் அணைத்துவிடுகிறவருக்கு 600 மில்லிதான் போகும். அவருக்கு ஆறு மாதத்தில் 400 மில்லி மிஞ்சும். இரண்டு டம்ளர். அனுபவிக்கட்டும்.

இதற்கிடையில் ஒருநாள் பின்பெட்டியைச் சுத்தம் செய்தேன். 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று, நிறைந்தபடியே. கருவிப் பெட்டி, கட்டிப்போட்ட பழைய பத்திரிகைகள், யாருடையது என்றே தெரியாத ஒரு இரும்புத் தாங்கி. குளியலறை எடைக் கருவியைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். மொத்தம் 37 கிலோ. முழு டேங்க் பெட்ரோலைவிட நான்கு கிலோ அதிகம். டேங்கில் 11 கிலோ குறைத்த மேதை ஆறு மாதமாக இதையும் சுமந்து திரிந்திருக்கிறேன். இரும்புத் தாங்கி மைத்துனருடையது என்று பிறகு தெரிந்தது.

அவரைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். இரவலாகக் காரை எடுத்துப் போகிறவர்கள் எடுத்த அளவு பெட்ரோலோடு திருப்பித் தர வேண்டும் என்று எங்காவது எழுதி வைத்திருக்கிறதா என்றால் இல்லை. எழுதி வைக்க வேண்டிய நிலைமை வந்திருப்பதுதான் வருத்தம். முக்கால் டேங்கோடு கொடுப்பேன், விளக்கு எரியும் நிலையில் வரும். "பாரத்தைக் குறைத்து வைத்திருக்கிறேன்" என்று சாவியை நீட்டுவார். அக்கா கணவர், என்ன சொல்வது?

அப்படி அவர் விட்டுப்போன ஒரு காலையில்தான் கார் என்னை நடுமேட்டில் நிறுத்தியது. விளக்கு எரிந்தாலும் நாலைந்து லிட்டர் இருக்கும் என்ற தைரியத்தில் ஏறினேன். இருந்திருக்கலாம். ஆனால் ஏற்றத்தில் பெட்ரோல் டேங்கின் பின்பக்கம் ஒதுங்கிவிட்டது, பம்ப் உறிஞ்சுகிற இடத்தில் காற்றுதான். இரண்டு முறை வெட்டி இழுத்து, அணைந்தது. பின்னால் வந்தவர்கள் ஒலிப்பானால் வாழ்த்தினார்கள். சமதரைக்குப் பின்னோக்கி உருட்டிய பிறகு ஸ்டார்ட் ஆனது. இரண்டு மாதம் கழித்து அந்தப் பம்பே போய்விட்டது. அது டேங்குக்குள் பெட்ரோலில் முழுகியிருக்கிற மின்சாரப் பம்ப். சுற்றியிருக்கிற பெட்ரோல்தான் அதன் சூட்டைத் தணிக்கிறது என்றார் மெக்கானிக். என் கால் டேங்க் பழக்கம்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். கார் ஒன்பது வயதானது, பம்புக்கும் வயது உண்டு. ஆனால் அந்தப் பம்பை மாற்றிய செலவில் எத்தனை வருடத்து ஒரு லிட்டர்கள் அடங்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு நோட்டுப் புத்தகத்தை மூடினேன்.

இப்போது கால் டேங்குக்கு வந்ததும் நிறைக்கிறேன். நிறைப்பது என்றால் நாசில் முதல்முறை தானாக நிற்கும் வரைதான். அதற்கு மேல் குலுக்கிக் குலுக்கி ஊற்ற விடாதீர்கள். டேங்கின் ஆவியை உறிஞ்சி வைக்கும் கரிப் பெட்டி ஒன்று இருக்கிறது, அதற்குள் பெட்ரோலே திரவமாகப் போய்ச் சேர்ந்தால் கரி பாழாகும். நிரப்பியதும் கார் ஸ்டார்ட் ஆகத் தடுமாறினால் அதையும் சந்தேகிக்க வேண்டும்.