பிரிட்டன் மாணவர் விசா: எந்த ஆவணத்தை முதலில் தொடங்குவது?

"செப்டம்பர் கடைசியில் லண்டனில் முதுகலை தொடங்குகிறது. கட்டணப் பணம் அப்பாவின் கணக்கில் இருக்கிறது. எந்த ஆவணத்தை முதலில் எடுப்பது என்று தெரியவில்லை."

கடவுச்சீட்டு கையில் இருந்தால், முதலில் தொடங்க வேண்டியது வங்கிக் கணக்குதான். மற்றவற்றை விரைவுபடுத்தலாம், பணம் கணக்கில் இருக்க வேண்டிய நாட்களை விரைவுபடுத்த முடியாது.

1. தேவையான தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். ஜூலை 1 அன்று பணம் சேர்ந்தால் ஜூலை 28 வரையிலான வங்கி அறிக்கை போதும். அந்த இறுதித் தேதியிலிருந்து 31 நாட்களுக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும்.

2. அந்த நாட்களிலேயே, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ மையத்தில் காசநோய்ச் சோதனையை முடித்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் ஆறு மாதம் செல்லும்.

3. பல்கலைக்கழகம் உங்கள் சேர்க்கையை உறுதிசெய்து தரும் சிஏஎஸ் எண் வந்த பிறகே விண்ணப்பிக்க முடியும்.

பலர் சறுக்குவது முதல் படியில்தான். இடையில் வீட்டுச் செலவுக்கோ முன்பணத்துக்கோ அதே கணக்கிலிருந்து எடுத்து, இருப்பு ஒரே ஒரு நாள் தேவையான தொகைக்குக் கீழே குறைந்தாலும் எண்ணிக்கை மறுபடி தொடங்கும். இறுதி இருப்பை மட்டும் பார்க்காமல், அறிக்கையின் இருப்பு நிரலை வரிவரியாகப் படியுங்கள்.

கணக்கு அப்பாவுடையது என்பதால் உங்கள் பிறப்புச் சான்றிதழும் அவருடைய சம்மதக் கடிதமும் வேண்டும். சான்றிதழில் முதலெழுத்தும் வங்கியில் முழுப்பெயருமாக இருப்பது நம் ஊரில் வழக்கமான சிக்கல். இப்போதே ஒப்பிட்டுப் பாருங்கள்.

முறையான வங்கிக் கல்விக்கடன் என்றால் இந்த 28 நாள் கணக்கு பொருந்தாது. கடன் கடிதமே போதும். தேவைத் தொகை அவ்வப்போது மாறுவதால், அதை அரசின் gov.uk தளத்தில் மட்டும் பாருங்கள்.